ரோல் கடைசியில் குறையும் துணியை எப்படிக் கணக்கு வைக்கிறீர்கள்?

வணக்கம். தி.நகர் ஜவுளிக்கடை, ரவிக்கைத் துணிப் பிரிவு. சேலை எண்ணிக்கையில் போவதால் சிக்கலில்லை. மீட்டர் துணிதான் உதைக்கிறது.

20 மீட்டர் ரோலில் 80 செ.மீ. பிட் 22 வெட்டினால், கணினியில் 2.40 மீட்டர் இருப்பு நிற்கும். அளந்தால் 1.74தான். காரணம் தெரியும்: கோணல் போகவும், காட்டன் சுருங்கினால் தையலுக்கு இடிக்காமலிருக்கவும் வெட்டுக்கு 3 செ.மீ. கூட விடுகிறோம். 22 வெட்டில் 66 செ.மீ. இதைக் குறைக்க மனமில்லை, வாங்குபவருக்கு அது நியாயமானது.

இந்த 1.74இல் ஒருவர் ஒரு மீட்டர் கேட்டால், மிச்சம் 71 செ.மீ. பெரிய அளவு ரவிக்கைக்குக் காணாது, கட் பீஸ் கூடைக்குத்தான் போகும்.

2 மீட்டருக்குக் கீழே வந்ததும் மறுபடி அளந்து, ரோல் எண்ணை மூடி, பீஸாகப் புது பார்கோடு ஒட்டுகிறீர்களா? அல்லது ஒவ்வொரு பில்லிலும் 3 செ.மீ. கழிவு எழுதுகிறீர்களா? ஸ்டாக் எடுக்கும்போது எது ஒத்துப்போகிறது என்று சொல்லுங்கள்.