பதிவு நீங்கியது, சான்றும் அதனோடு போனது

தையலகம், ராஜபாளையம்

சென்ற ஐப்பசி முகூர்த்த நேரத்தில் எங்கள் ஊர் முகநூல் குழுவில் என் கடைப் பெயரைப் போட்டு, ஃபால்ஸ் தைக்கக் கொடுத்த பட்டுப்புடவையை நான் மாற்றி வைத்துக்கொண்டு மட்டமான புடவையைத் திருப்பித் தந்துவிட்டதாக ஒருவர் எழுதினார். நான் யாரிடமும் ஆலோசனை கேட்காமல் சொந்தக்காரர்கள், பழைய வாடிக்கையாளர்கள் என்று நாற்பது பேரிடம் சொல்லி அதைப் புகார் செய்ய வைத்தேன். மூன்றாம் நாள் பதிவு காணாமல் போனது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மணப்பெண்ணின் தாயார் வந்து, தைக்காமல் இருந்த மூன்று புடவைகளையும் திருப்பிக் கேட்டார். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக விரித்து, ஜரிகைக் கரையை நகத்தால் தடவிப் பார்த்த பிறகே பையில் வைத்தார். என் பதினேழு ஆண்டுத் தொழிலில் யாரும் என் முன்னால் அப்படிச் செய்ததில்லை. கேட்டதற்குத் தன் கைப்பேசியைக் காட்டினார். நீங்கிய பதிவு படமாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகுதான் வழக்கறிஞரிடம் போனேன். பதிவின் இணைப்பு முகவரி, தேதி தெரியும் முழுப் பக்கம், எழுதியவரின் கணக்கு முகவரி ஆகியவற்றை அவர் கேட்டார். என்னிடம் இருந்ததோ வாசகம் மட்டும் தெரியும்படி வெட்டிய ஒரு ஸ்கிரீன்ஷாட். அக்காவுக்கு அனுப்பும்போது எழுதியவர் பெயர் வேண்டாமே என்று நானேதான் வெட்டியிருந்தேன். அவரும் இப்போது கணக்கின் பெயரை மாற்றிவிட்டார். பதினோரு மாதம் ஆகிவிட்டது. இதே நிலையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

கணித ஆசிரியர்

நான் புகார் செய்யவில்லை, எழுதியவரையே தொடர்புகொண்டேன். டியூஷன் கட்டணத்தை வாங்கிக்கொண்டு பாதியில் வகுப்பை நிறுத்தினேன் என்பது அவர் எழுதிய பொய். இரவு பதினொரு மணிக்கு, "நாளைக்குள் எடுக்காவிட்டால் விளைவு வேறு மாதிரி இருக்கும்" என்று செய்தி அனுப்பினேன். வழக்குப் போடுவேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னேன். காலையில் என் செய்தியே புதிய பதிவாகியிருந்தது: "ஆசிரியர் மிரட்டுகிறார்." அதற்கு வந்த கருத்துகள் முதல் பதிவுக்கு வந்தவற்றைவிட அதிகம். காவல் நிலையத்தில் விளக்கம் கொடுத்தவனும் நான்தான். சகோதரி அவரைத் தொடர்புகொள்ளவே வேண்டாம்.

விருதுநகர்க்காரன்

இதற்கு ஏன் இவ்வளவு சுற்று? சைபர் கிரைமில் ஐடி சட்டத்தின் 66ஏ பிரிவின் கீழ் புகார் கொடுத்தால் அன்றே எஃப்ஐஆர் போடுவார்கள். என் சித்தப்பா மகன் அப்படிக் கொடுத்து, எழுதியவரைக் காவல் நிலையத்துக்கே அழைத்து மன்னிப்புக் கேட்க வைத்தான். நோட்டீஸ் எல்லாம் வெறும் காகிதம்.

வழக்கறிஞர் குமாஸ்தா, 26 ஆண்டுகள்

விருதுநகர்த் தம்பி, 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்றே செல்லாது என்று அறிவித்துவிட்டது. அவதூறு இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் வருகிறது. அதற்குக் காவல்துறை தானாக வழக்குப் பதிய முடியாது, பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும். உங்கள் உறவினர் விஷயத்தில் பதிவோடு மிரட்டலோ படத்தை மாற்றி வெளியிட்டதோ இருந்திருந்தால் கதை வேறு. இல்லையென்றால் அந்த மன்னிப்பு காவலர் செய்துவைத்த சமரசம் மட்டுமே.

அம்மா, புகார் செய்ததில் தவறில்லை, வரிசைதான் தவறு. புகார் பலித்தால் பதிவு போகும், அதோடு சான்றும் போகும். முதலில் பதிவின் நேரத்தின் மேல் அழுத்தி அதன் தனி முகவரியைத் திறந்து, முகவரிப் பட்டை, தேதி, கருத்துகள் எல்லாம் தெரியும்படி கணினியில் சேமிக்க வேண்டும். கணக்கின் பெயரை எத்தனை முறை மாற்றினாலும் அதன் எண் மாறாது என்பதால் அந்த முகவரியையும் தனியே எழுதிக்கொள்ள வேண்டும். நீதிமன்றத்தில் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் வேண்டும். படம் எந்தக் கருவியில் எடுக்கப்பட்டது என்பதை அதில் குறிப்பிட வேண்டியிருப்பதால், எடுத்த கைப்பேசியை விற்றுவிடாதீர்கள்.

உங்களுக்கு மிஞ்சியிருக்கும் பெரிய சான்று அந்த மணப்பெண்ணின் தாயார்தான். பதிவைப் படித்து, அது உங்களையே குறிக்கிறது என்று நம்பிப் புடவையைத் திரும்ப எடுத்துப் போனவர் அவர். அவர் கைப்பேசியில் அந்தப் படம் வந்த தேதியும் அனுப்பியவர் எண்ணும் இன்னும் இருக்கலாம். படத்தைப் பரப்பியவரும் வெளியிட்டவராகவே கருதப்படுவார்.

ஆனால் காலம் குறைவு. நஷ்டஈடு கேட்கும் உரிமையியல் வழக்குக்கு வெளியான நாளிலிருந்து ஓர் ஆண்டுதான் கெடு. பதிவு இணையத்தில் தொடர்ந்து கிடந்தாலும் முதல் வெளியீட்டிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் ஒரு முகநூல் வழக்கில் கூறியது. நோட்டீஸ் அனுப்பினால் அந்தக் கெடு நீளும் என்று பலர் நம்புகிறார்கள், நீளாது. குற்றவியல் புகாருக்கு மூன்று ஆண்டு உண்டு.

எங்கள் அலுவலகத்தில் ஒரு மருந்துக்கடைக்காரருக்காக அனுப்பிய நோட்டீஸில் பொய்யான வாசகத்தை எழுத்து மாறாமல் எடுத்துக்காட்டி, அது ஏன் பொய் என்பதற்குக் கொள்முதல் ரசீதைக் குறிப்பிட்டு, அதே இடத்தில் பதினைந்து நாளில் திருத்தம் வெளியிடக் கேட்டோம். உறை "பெற மறுத்தார்" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. ஆவலில் அதைக் கிழிக்கப் போனவரைத் தடுத்தேன். சரியான முகவரிக்குப் போய் மறுக்கப்பட்ட உறையைச் சேர்ப்பித்ததாகவே நீதிமன்றம் கருதும். அது திறக்கப்படாமல் கோப்பில் இருக்க வேண்டும்.

உணவகம்

என் கடைக்குக் கூகுள் வரைபடத்தில் "சாம்பார் புளித்துவிட்டது, ஒரு நட்சத்திரம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான்கு முறை புகார் செய்தும் எடுக்கவில்லை. இதற்கும் நோட்டீஸ் அனுப்பலாமா?

வழக்கறிஞர் குமாஸ்தா, 26 ஆண்டுகள்

ஐயா, அது அவருடைய நாக்கின் கருத்து. சாம்பாரில் பல்லி விழுந்தது என்று பொய்யாக எழுதியிருந்தால் கேளுங்கள்.

பெயர் வேண்டாம்

நான் மறுபக்கத்தில் இருந்தவள். ஒரு மண்டப மேலாளர் முன்பணத்தைத் திருடிவிட்டார் என்று கோபத்தில் எழுதினேன். பணம் உரிமையாளரிடம் இருந்தது எனக்குத் தெரியாது. அவர் மிரட்டவில்லை. ரசீதின் படத்தை அனுப்பி, "அம்மா, இதைப் பார்த்துவிட்டு எழுதியதைத் திருத்துங்கள்" என்று ஒரே வரி எழுதினார். அந்த ரசீதைப் பார்த்த நொடியில் என் கை நடுங்கியதை இன்றும் மறக்கவில்லை. அன்றே திருத்தத்தை எழுதி, நீக்காமல் ஒரு மாதம் வைத்திருந்தேன். வக்கீல் நோட்டீஸ் வந்திருந்தால் என் கணவர் பிடிவாதமாகப் பதில் நோட்டீஸ் அனுப்பியிருப்பார். ஆகவே தொடர்புகொள்ளவே கூடாது என்று கணித ஆசிரியர் சொல்வதை நான் ஏற்கவில்லை.

கணித ஆசிரியர்

உங்களைப் போன்றவர்களுக்கு அது பொருந்தும். தெரிந்தே பொய் எழுதியவரிடம் ரசீதைக் காட்டினால், அடுத்த பொய்யை அதற்கேற்ப எழுதுவார்.

தையலகம், ராஜபாளையம்

குமாஸ்தா ஐயாவுக்கு: முதல் நாள் என் பக்கத்து வீட்டுப் பெண் "இதைப் பார்த்தீர்களா அக்கா" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியதை இன்று தேடி எடுத்தேன். அவர் படமாக அனுப்பவில்லை, இணைப்பாகவே அனுப்பியிருக்கிறார். திறந்தால் பக்கம் இல்லை என்று வருகிறது, ஆனால் முகவரியில் நீண்ட எண் அப்படியே இருக்கிறது, அனுப்பிய தேதியும் இருக்கிறது. இதனால் பயன் உண்டா?

வழக்கறிஞர் குமாஸ்தா, 26 ஆண்டுகள்

அந்த உரையாடலை அழிக்காதீர்கள், அந்தப் பெண்ணையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த எண்ணைக் காட்டிக் கணக்கு விவரத்தைத் தரச் சொல்லி நிறுவனத்துக்கு உத்தரவிடும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். பதினோரு மாதத்துக்குப் பிறகும் அவர்களிடம் விவரம் இருக்கும் என்று நான் உறுதி கூற மாட்டேன். திங்கட்கிழமையே வழக்கறிஞரைப் பாருங்கள்.

தையலகம், ராஜபாளையம்

மணப்பெண்ணின் தாயாரிடம் நாளைக் காலை போகிறேன். சாட்சி சொல்லச் சம்மதிப்பாரா என்று தெரியவில்லை.