கோபி சொந்தபந்தம் குழு: வாடகையும் 12 லட்சமும்

21 மார்ச் 2026, சனி

கதிர் 7:42
எல்லாருக்கும் வணக்கமுங்க. வரி விசயத்துல ஒரு சந்தேகம். இந்த நிதியாண்டுக்கு எனக்குச் சம்பளம் மொத்தம் 12,20,000. கம்பெனியில ஒரு ரூபா கூட டிடிஎஸ் பிடிக்கலீங்க. கோபி வீட்டு வாடகை மாசம் 11,000 தனியா வருது. அதுக்கு ஏதாச்சும் கட்டோணுமா?

செந்தில் மாமா 7:50
12 லட்சம் வரைக்கும் வரியே இல்லைன்னு சொல்லீட்டாங்கல்ல. சம்பளத்துல ஸ்டாண்டர்ட் டிடக்சன் 75,000 கழிச்சா 11,45,000. நீ உள்ளதான் இருக்கற. வாடகை சின்னத் தொகை, விட்டுரு மாப்ள.

பிரபு 7:53
நானும் கோயமுத்தூர்ல மாசம் 14,000 வாடகை கட்டறேன். அதைக் கழிச்சுக்கலாமா அக்கா?

தேவி அக்கா 8:05
பிரபு, நீ வாடகை கட்டறவன், கதிரு வாங்கறவன். நீ கேக்கறது ஹெச்ஆர்ஏ. அது பழைய வரி முறையில மட்டும்தான், நாம இப்பப் பேசற 12 லட்சம் புது முறை, அதுல இல்லை. அப்பறம் பேசலாம்.

செந்தில் அண்ணா, 75,000 சரிதானுங்க. ஆனா அந்த 12 லட்சம் சம்பளத்துக்கு மட்டும் இல்லீங்க, வாடகையையும் சேத்துத்தான் பாப்பாங்க. கம்பெனிக்கு வாடகை தெரியாது, அதனால பிடிக்கலை. பிடிக்கலைங்கறதுக்காக வரி இல்லைன்னு ஆயிராது.

கதிரு, வீட்டு வரி இந்த வருசம் எவ்வளவு கட்டின? யாரு கட்டினாங்க?

கதிர் 8:09
3,500 ஆச்சு அக்கா, நான்தான் கட்டினேன். ரசீது இருக்குது. பெயின்ட் அடிக்க 18,000, மோட்டார் மாத்த 6,000 வேற செலவாச்சு. அதையும் கழிச்சரலாமுங்களா?

தேவி அக்கா 8:21
பெயின்ட், மோட்டார் ரெண்டும் முடியாது. அதுக்கெல்லாம் சேத்துத்தான் 30% பொதுவாக் கழிச்சுக்கச் சொல்றாங்க. நீ ஒண்ணுமே செலவு பண்ணலைன்னாலும் அந்த 30% உனக்கு உண்டு, ரெண்டு லட்சம் செலவு பண்ணினாலும் அதே 30% தான். வீட்டு வரி மட்டும் தனி. அதுவும் இந்த வருசத்துக்குள்ள உன் கையில இருந்து கட்டியிருக்கோணும். பாக்கியா நின்னாலோ குடியிருக்கறவங்க கட்டினாலோ கழிக்க முடியாது.

வாடகை 1,32,000. வீட்டு வரி 3,500 போக 1,28,500. அதுல 30%னா 38,550. மிச்சம் 89,950, அதுதான் உன் வீட்டு வருமானம். சம்பளத்தோட 11,45,000 சேத்தா 12,34,950. 12 லட்சத்தைத் தாண்டீருச்சு.

கதிர் 8:23
அப்ப தாண்டின 34,950க்கு மட்டும் 15% கட்டினாப் போதுமுங்களா? 5,242 வருது.

தேவி அக்கா 8:37
எல்லாரும் இந்த இடத்துலதான் தப்பறாங்க. 12 லட்சம் வரைக்கும் வரியே இல்லைன்னு இல்லை, அங்கயும் வரி உண்டு. 4 லட்சம் வரைக்கும் ஒண்ணுமில்லை, 4ல இருந்து 8 வரைக்கும் 5%னு 20,000, 8ல இருந்து 12 வரைக்கும் 10%னு 40,000. மொத்தம் 60,000. வருமானம் 12 லட்சத்துக்குள்ள இருந்தா அதை அப்படியே தள்ளுபடி பண்றாங்க, அவ்வளவுதான். ஒரு ரூபா தாண்டினாலும் அந்தத் தள்ளுபடி போயிரும்.

அதனால உனக்குக் கணக்குப்படி 60,000 + 5,242 = 65,242. ஆனா 34,950 அதிகமாச் சம்பாதிச்சதுக்கு 65,000 வரியாங்கற கேள்வி வருமில்ல, அதுக்கு ஒரு வரம்பு இருக்குது. 12 லட்சத்துக்கு மேல எவ்வளவு வந்துச்சோ அதுக்கு மேல வரி போகாது. ஆகவே வரி 34,950. அதுமேல 4% செஸ் 1,398. மொத்தம் 36,348, ரவுண்டா 36,350.

செந்தில் மாமா 8:40
அடேயப்பா. தாண்டின பணம் பூராத்தையும் பிடுங்கிக்கறாங்களே.

தேவி அக்கா 8:42
செஸ்ஸையும் சேத்தா அதுக்கு மேலயே போகுதுங்க. வருமானம் 12,70,000ஐக் கொஞ்சம் தாண்டற வரைக்கும் இதே கதைதான். அதுக்கப்பறம் சாதாரணக் கணக்குக்கு வந்துரும்.

கதிர் 8:46
பழைய முறைக்குப் போனா? எல்ஐசி, பிஎஃப் எல்லாம் சேந்து 1,50,000 ஆகுது, இன்சூரன்சு 25,000.

தேவி அக்கா 8:51
போட்டுப் பாத்துட்டேன். செஸ்ஸோட 1,43,504 வருது. அந்தப் பக்கமே போகாத.

சுமதி அத்தை 8:58
எங்க தறிக்குடோனையும் வாடகைக்குத்தான் உட்டிருக்கோம். அதுக்கும் இந்த 30% உண்டா அம்மிணி?

தேவி அக்கா 9:03
கட்டடம் மட்டுமா, தறியும் சேத்தா அத்தை?

சுமதி அத்தை 9:04
தறி 12ம் சேத்துத்தான். ஒரே வாடகை.

தேவி அக்கா 9:08
அப்படின்னா வீட்டு வருமானமா எடுக்க முடியாமப் போகலாமுங்க. அப்ப 30% கிடைக்காது, தறியோட தேய்மானம், ரிப்பேர் செலவுன்னு வேற மாதிரிக் கழிக்கோணும். அக்ரிமெண்ட்டைப் பாக்காம நான் சொல்ல மாட்டேன். எடுத்துட்டு வாங்க.

பிரபு 9:12
கதிரு, வாடகையை உன் சம்சாரம் கணக்குல போடச் சொல்லிரு. முடிஞ்சுது.

தேவி அக்கா 9:15
முடியாது. பணம் எந்தக் கணக்குல விழுந்தாலும் வீடு யாரு பேர்லயோ அவங்களுக்குத்தான் வரி. சும்மா சம்சாரம் பேருக்கு எழுதி வெச்சாலும் எழுதிக் கொடுத்தவர் கணக்குலயேதான் சேரும்.

கதிரு, அந்த வீடு மேல லோன் ஏதாச்சும் இருக்குதா?

கதிர் 9:19
முன்பக்கம் இடிச்சுக் கட்டினதுக்கு எடுத்தது ஓடுதுங்க. மாசம் 9,000 கட்டறேன். ஆனா புது முறையில லோன் வட்டி கிடையாதுன்னாங்களே?

செந்தில் மாமா 9:20
ஆமா, கிடையாது. நான்தான் சொன்னேன்.

தேவி அக்கா 9:29
நாம குடியிருக்கற வீட்டுக்குத்தான் கிடையாதுங்க அண்ணா. வாடகைக்கு உட்ட வீட்டுக்கு உண்டு. வாடகை வருமானத்துல கழிச்சுக்கலாம். வட்டி அதைவிட அதிகமானா மிச்சத்தைச் சம்பளத்துல கழிக்க முடியாது, அதுதான் புது முறையில இருக்கற தடை.

ஆனா 9,000 முழுசும் வட்டி ஆகாது கதிரு, அசலும் அதுக்குள்ள இருக்குது. பேங்க்ல வட்டிச் சான்று வாங்கு, வட்டியையும் அசலையும் தனித்தனியாப் போட்டிருக்கும்.

கதிர் 9:44
மெயில்லயே இருக்குதுங்க. வட்டி 61,400, அசல் 46,600.

தேவி அக்கா 9:49
நல்லதாப் போச்சு. 89,950ல 61,400 போனா 28,550. சம்பளத்தோட சேத்தா 11,73,550. 12க்குள்ள வந்துருச்சு, வரி இல்லை.

லோன் உன் பேர்லதான?

கதிர் 9:57
அப்பா பேரும் என் பேரும் சேத்துங்க. வீடு என் பேர்ல மட்டும். இஎம்ஐ என் கணக்குல இருந்துதான் போகுது.

தேவி அக்கா 10:10
அப்ப ஒரு முடிச்சு இருக்குது. வீடும் உன்னுது, கட்டறதும் நீதான்னா முழு வட்டியையும் நீ எடுக்கறதுக்கு வலுவான காரணம் இருக்குது. ஆனா கடன்ல பாதி அப்பாவோடதுன்னு ஒரு அதிகாரி சொன்னா 30,700 தான் கிடைக்கும். அப்ப வீட்டு வருமானம் 59,250, மொத்தம் 12,04,250. வரம்புக்கு மேல 4,250, செஸ்ஸோட 4,420 வரி. இஎம்ஐ போன பேங்க் ஸ்டேட்மெண்ட்டை 12 மாசத்துக்கும் எடுத்து வெச்சுக்க. எங்க ஆடிட்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கறேன்.

கதிர் 10:13
அந்த 4,420 கட்டறதா இருந்தா இப்பவே கட்டோணுமுங்களா?

தேவி அக்கா 10:22
வேண்டாம். 10,000க்குக் கீழ இருந்தா அட்வான்ஸ் வரி கிடையாது, ரிட்டர்ன் போடறப்பக் கட்டினாப் போதும். லோனே இல்லாம 36,350 வந்திருந்தா வேற. மார்ச் 31க்குள்ள கட்டலைன்னா ஏப்ரல்ல இருந்து மாசம் 1% வட்டி ஓடும். இப்பவே கட்டினாலும் அட்வான்ஸ் வரித் தவணை தவறினதுக்கு சுமார் 1,800 வட்டி வந்திருக்கும்.

கட்ட வேண்டியவங்க e-Pay Taxல Assessment Year 2026-27, Advance Tax (100)னு எடுக்கோணும். பழக்கத்துல 2025-26ஐ அமுக்கினா பணம் போன வருசக் கணக்குல போய் உக்காந்துக்கும். அதை மாத்தறது பெரிய ரோதனை.

செந்தில் மாமா 10:25
குடியிருக்கறவங்ககிட்ட வாங்கி வெச்சிருக்கற வீட்டு அட்வான்ஸ் 50,000க்கும் வரி உண்டா?

தேவி அக்கா 10:26
திருப்பித் தர்ற பணம்னா வருமானம் இல்லீங்க.

கதிர் 10:31
அப்பாகிட்ட லோன் பேப்பரை எடுத்து வெக்கச் சொல்லீட்டேன். பீரோ சாவி அம்மாகிட்ட இருக்குதாம், அவங்க பண்ணாரி போயிருக்காங்க. சாயங்காலம் போட்டோ அனுப்பறேனுங்க அக்கா.