வழிப்புள்ளிகள் ஊடே வரையும் வளைகோடு திருப்பத்தில் சுழி போடுகிறது

கேள்வி
வணக்கம். ஒரு பேருந்துத் தடத்தைத் திரையில் வரைந்து வருகிறேன். ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் முன்புள்ளியையும் அடுத்த புள்ளியையும் இணைக்கும் கோட்டின் திசையையே தொடுகோடாகக் கொண்டு, `T` என்ற இழுவிசை எண்ணால் அதன் நீளத்தைக் குறைக்கிறேன்.

```
m = (1 - T) * (next - prev) / 2
```

நீண்ட சாலைகளில் வளைவு நன்றாக வருகிறது. ஆனால் (0,0), (200,0), (210,10), (210,210) என்ற நான்கு புள்ளிகளில், நடுவிலுள்ள சிறு துண்டில் மட்டும் கோடு திருப்பத்தைத் தாண்டி ஓடி, ஒரு சுழி போட்டுவிட்டுத் திரும்புகிறது. `T` இப்போது 0. என் கணக்கில் பிழை எங்கே?

மறுமொழி 1
இழுவிசை போதவில்லை. `T` மதிப்பை 0.5 ஆக்குங்கள்; சுழி போய்விடும்.

மறுமொழி 2
எனக்கு நேர்மாறாக நடந்தது. Chart.js வரைபடத்தில் `tension` மதிப்பை 0 என வைத்ததும் கோடுகள் நேராகிவிட்டன. உங்களுடையதும் அப்படித்தானோ?

கேட்டவர்
இல்லை ஐயா, என் வாய்பாட்டில் 1 என வைத்தால்தான் கோடு நேராகிறது. 0.5 வைத்துப் பார்த்தேன். சுழி மறைந்தது, ஆனால் முனையில் ஒரு சிறு துருத்தல் நிற்கிறது, நீண்ட சாலைகளும் விறைத்துப் போயின.

மறுமொழி 3
கணக்கில் பிழை இல்லை. புள்ளிகளின் இடைவெளிதான் காரணம். (200,0) இல் உங்கள் தொடுகோடு (105,5). அது முந்தைய 200 அலகு நீளச் சாலையிலிருந்து பிறந்தது. ஆனால் 14 அலகே நீளமுள்ள சிறு துண்டிலும் அதே வேகத்தோடு நுழைகிறது. துண்டின் மூன்றில் ஒரு பங்கில் கோடு (217.8, -4.4) வரை போய்விடுவதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். இழுவிசை எல்லாத் துண்டுகளையும் ஒரே அளவில் குறைக்கும். எந்தத் துண்டு குட்டை என்பது அதற்குத் தெரியாது.

எனவே புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தின் வர்க்கமூலத்தை `d` என்று கொண்டு தொடுகோட்டைக் கணக்கிடுங்கள்.

```
m1 = d12 * ((p1-p0)/d01 - (p2-p0)/(d01+d12) + (p2-p1)/d12)
```

உங்கள் புள்ளிகளுக்கு இது ஏறத்தாழ (19, 8) என வரும். துண்டின் மறுமுனைக்கும் இவ்வாறே செய்யுங்கள். ஒரே புள்ளியில் இரு பக்கத்துத் துண்டுகளுக்கும் தொடுகோட்டின் திசை ஒன்றுதான் என்றாலும் நீளம் வேறுபடும். ஆகவே புள்ளிக்கு ஒன்றெனச் சேமித்து வைக்காமல், துண்டுதோறும் புதிதாகக் கணக்கிட வேண்டும். இழுவிசை தேவையெனில் கடைசியில் `(1 - T)` ஆல் பெருக்கலாம்.

கேட்டவர்
சுழியும் துருத்தலும் இரண்டுமே போய்விட்டன, மிக்க நன்றி. ஆனால் பேருந்து நின்ற இடங்களில் ஒரே புள்ளி இருமுறை பதிவாகியிருப்பதால், அங்கே கோடு முழுவதுமே மறைந்துவிடுகிறது.

மறுமொழி 3
அங்கே `d` பூச்சியமாகி, பூச்சியத்தால் வகுக்கும்படி ஆகிறது. அடுத்தடுத்து வரும் ஒரே புள்ளிகளை முன்னரே நீக்கிவிடுங்கள். மற்றொன்று: ஒரு துண்டு தன்னைத் தானே வெட்டாது என்பதற்குத்தான் இந்த முறை உறுதி தருகிறது; இரண்டு வெவ்வேறு துண்டுகள் ஒன்றையொன்று வெட்டுவதைத் தடுக்காது.

மறுமொழி 1
தடத்தின் முதல் புள்ளிக்கு முன்புள்ளியே கிடையாதே, அங்கே என்ன செய்கிறீர்கள்?

கேட்டவர்
இரண்டாம் புள்ளியை முதல் புள்ளிக்கு அப்பால் பிரதிபலித்து ஒரு போலிப் புள்ளி வைத்திருக்கிறேன். தொடக்கம் சற்றுத் தட்டையாகத் தெரிகிறது. அதற்கு இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை.