ஆறு மாதம் ஆகாமல் அதே கம்பெனிக்கு மறுபடி முயல்வது எப்படி?

மார்ச்சில் சென்னை ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் பேக்எண்ட் வேலைக்கு டெக்னிக்கல் ரவுண்டு வரை போனேன். "ஜாவா நல்லா இருக்கு, ஆனா காஃப்காவில் வேலை பார்த்தவர்தான் வேணும்" என்று ரெக்ரூட்டர் போனிலேயே சொல்லிவிட்டார். நியாயம்தான். இப்போது அங்கேயே பேமெண்ட்ஸ் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். கேட்டிருப்பது ஜாவா, ஸ்பிரிங் பூட், யூபிஐ ரீகன்சிலியேஷன். நான் தினமும் செய்வதே அதுதான்.

அவர்கள் தளத்தில் விண்ணப்பித்தால், நிராகரித்து ஆறு மாதம் ஆகவில்லை என்று தடுக்கிறது. வேறு மெயில் ஐடியில் போடச் சொன்னான் நண்பன். போன் நம்பரை வைத்தே டூப்ளிகேட் என்று தள்ளிவிடுவார்கள், வேண்டாம். பழைய மெயிலுக்கே ரிப்ளையாக, புது ஜாப் ஐடியையும் ரீகன்சிலியேஷன் அனுபவத்தையும் எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. லிங்க்ட்இனில் பார்த்தால் அந்த ரெக்ரூட்டர் கேம்பஸ் ஹைரிங் பக்கம் போய்விட்டார் போல.

அந்த டீமில் இருக்கும் காலேஜ் சீனியர் ஒருவர் ரெஃபர் செய்யத் தயார். ஆனால் ரெஃபரலும் அதே ஆறு மாதக் கணக்கில் மாட்டினால் அவருக்கும் சங்கடம். எனக்கு நோட்டீஸ் பீரியட் 60 நாள்.

ஹெச்ஆரில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: முதலில் ரெஃபரலைப் போடச் சொல்வதா, பழைய ரெக்ரூட்டருக்குப் போன் செய்து தடையை எடுக்கச் சொல்வதா?