வெள்ளிக்கிழமைக்குள் சொல்றோம்னாங்க, இன்னைக்குப் புதன்

தாமதராகம்: ஒரு வேலைக்கான நேர்காணலின் மூன்றாவது சுற்று 5ஆம் தேதி முடிந்தது. "14 வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லிடுறோம்" என்று ரெக்ரூட்டர் மேடம் அவராகவே போனில் சொன்னார். வெள்ளி போனது. சனி, ஞாயிறு மெயிலைத் திறந்து திறந்து பார்த்தே கழிந்தது. திங்கள் காலை எட்டேகாலுக்குப் பொறுக்க முடியாமல் "ஹாய், எனி அப்டேட்?" என்று ஒரு வரி தட்டிவிட்டேன். பதில் இல்லை. இன்று 19. மறுபடி கேட்டால் நச்சரிப்பு என்று நினைப்பார்களோ? இந்த இடத்தில் மாட்டியவர்கள் என்ன செய்தீர்கள்?

பெஞ்ச்வாசி: எனக்கும் இதே கதைதான் ப்ரோ. நாற்பது கம்பெனிக்கு ரெஸ்யூமே போட்டு ரெண்டு மாசம் ஆச்சு, ஒருத்தரும் கூப்பிடலை.

தாமதராகம்: அது வேற வலி நண்பா. எனக்கு நேர்காணல் முடிந்து, தேதியும் சொல்லிவிட்டார்கள்.

அந்தப்பக்கம்: ஆறு வருஷம் ரெக்ரூட்டராக இருந்தேன். ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். தேதி தாண்டியும் ஒருவருக்கு நான் பதில் போடாமல் இருந்தால், பெரும்பாலும் என் கையில் பதிலே இருக்காது. பட்ஜெட் ஒப்புதல் மேலே எங்காவது மாட்டியிருக்கும், இல்லை மேனேஜர் லீவில் போயிருப்பார். இன்னொன்றும் உண்டு, அதை நாங்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம்: முதல் ஆளுக்கு ஆஃபர் போயிருக்கும், அவர் யோசிக்க ஒரு வாரம் கேட்டிருப்பார். இரண்டாவது ஆளிடம் "இல்லை" என்றும் சொல்ல முடியாது, "ஆமாம்" என்றும் சொல்ல முடியாது. அதனால் வாயைத் திறக்க மாட்டோம்.

இந்த நேரத்தில் "எனி அப்டேட்?" என்று வந்தால், சொல்ல ஒன்றுமில்லை என்று அப்படியே தள்ளி வைப்பேன். "புதுத் தேதி எது?" என்று கேட்டால் அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். தேதி தாண்டியபின் ஒன்றிரண்டு வேலை நாள் விட்டுக் கேட்டால் போதும். உங்கள் திங்கள் காலை எட்டேகால் கொஞ்சம் அவசரம், ஆனால் பாவமொன்றும் இல்லை.

புது மெயில் தொடங்காமல், நேர்காணல் நேரம் உறுதி செய்த பழைய மெயிலுக்கே பதிலாகப் போடுங்கள். நீங்கள் யார், எந்த வேலை என்று அவர் தேட வேண்டியிருக்காது. இப்படி எழுதலாம்:

"வணக்கம் மேடம். இந்தப் பணிக்கான மூன்றாம் சுற்று 5ஆம் தேதி நடந்தது. 14ஆம் தேதிக்குள் முடிவு தெரியும் என்று சொல்லியிருந்தீர்கள். அது தள்ளிப்போயிருந்தால், எந்தத் தேதிவாக்கில் எதிர்பார்க்கலாம் என்று தெரிவிக்க முடியுமா? என் ஆர்வம் அப்படியே இருக்கிறது. என் தரப்பில் ஏதாவது தேவைப்பட்டால் உடனே அனுப்புகிறேன்."

திங்கள் மெயிலுக்கு மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். "பிஸியாக இருப்பீர்கள், தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று மூன்று வரி வந்தாலே நான் கேள்விக்குப் போகாமல் மூடிவிடுவேன்.

நேரடி_நாகராசு: இவ்வளவு பவ்யம் எதுக்கு? நான் நேர்காணல் எடுத்த மேனேஜரை சிசியில போட்டேன், அரை மணி நேரத்துல ரெக்ரூட்டர் போன் பண்ணாரு.

அந்தப்பக்கம்: பண்ணியிருப்பார். வேலை கிடைத்ததா?

நேரடி_நாகராசு: இல்ல. ஆனா அதுக்குக் காரணம் சிசிதான்னு சொல்ல முடியாதே.

அந்தப்பக்கம்: முடியாதுதான். ஆனால் அது புகார் கொடுத்த மாதிரி இருக்கும். இரண்டு மெயில் போட்டு, ஒரு வாரம் விட்டும் மௌனம் என்றால் மேனேஜருக்குத் தனியாக, மரியாதையாக எழுதலாம். ரெக்ரூட்டரே வேலையை விட்டுப் போயிருப்பதும் நடக்கும். அவர் முகவரிக்குப் போட்ட மெயில் திரும்பி வந்தால் அப்போதே மேனேஜரிடம் கேட்கலாம், காத்திருக்க வேண்டாம்.

கணக்குப்பிள்ளை: என் முட்டாள்தனத்தையும் கேளுங்கள். கையில் இல்லாத ஆஃபரை இருக்கிறதாகச் சொல்லி, "வெள்ளிக்குள் அங்கே பதில் சொல்லணும்" என்று எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில்: "வாழ்த்துகள், எங்களால் அதற்குள் முடிக்க இயலாது, அதையே ஏற்றுக்கொள்ளுங்கள்." எதை ஏற்றுக்கொள்வது!

அந்தப்பக்கம்: நிஜமாக ஆஃபர் இருந்தால் மட்டும் கடைசித் தேதியோடு சொல்லுங்கள். மேனேஜரை நாங்கள் நெருக்க அதைவிட நல்ல காரணம் கிடையாது. பொய்யென்றால் இப்படித்தான் முடியும்.

தாமதராகம்: அந்தப்பக்கம், நீங்கள் எழுதியதையே கொஞ்சம் மாற்றி, பழைய மெயிலுக்குப் பதிலாகப் பதினோரு மணிக்கு அனுப்பினேன். மூன்றரைக்குப் பதில் வந்தது: "தாமதத்துக்கு மன்னிக்கவும். உள் ஒப்புதல் நடந்துகொண்டிருக்கிறது. 28க்குள் தெரிவிக்கிறோம்." அப்போ நான் இரண்டாவது ஆளா?

அந்தப்பக்கம்: இந்த வரியை வைத்துச் சொல்ல முடியாது. நிஜமான ஒப்புதலுக்கும் இதைத்தான் எழுதுவோம், முதல் ஆளின் பதிலுக்குக் காத்திருக்கும்போதும் இதைத்தான் எழுதுவோம். "நன்றி, 28க்குப் பிறகு தொடர்புகொள்கிறேன்" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். அடுத்த மெயில் எப்போது வரும் என்று அவருக்கும் தெரிந்துவிடும். இதற்கிடையில் வேறு நேர்காணல் வந்தால் விடாதீர்கள்.

பெஞ்ச்வாசி: வேறு நேர்காணல் வந்தா எனக்கும் சொல்லுங்க ப்ரோ.