பீஸுக்கு லாபமா, மெஷின் மணிக்கு வரவா? உங்கள் அனுபவம் என்ன?

சேதராப்பட்டு கணக்காளர்:
எங்கள் பட்டறையில் லேத்துகள் பல உண்டு, விஎம்சி என்ற கம்ப்யூட்டர் மில்லிங் மெஷின் ஒன்றுதான். அதன் முன்னால் வார்ப்புகள் மலைபோல் குவிந்து கிடக்கும். அதற்கு அடுத்த டிரில்லிங் மெஷினில் இருப்பவர் சும்மா உட்கார்ந்திருப்பார். வாரத்துக்கு விஎம்சி ஓடுவது 100 மணி நேரம்.

பம்ப் ஹவுசிங் விலை 1,200 ரூபாய், வார்ப்பு 500. மிஞ்சுவது 700. வால்வு மூடி விலை 600, வார்ப்பு 280. மிஞ்சுவது 320. சம்பளமும் வாடகையும் எதைச் செய்தாலும் மாறாதவை என்பதால் அவற்றைக் கழிக்கவில்லை. ஹவுசிங்குக்கு விஎம்சியில் அரை மணி நேரம், மூடிக்குப் பத்து நிமிடம். ஆக, மணிக்கு ஹவுசிங் தருவது 1,400, மூடி தருவது 1,920.

வார ஆர்டர் 160 ஹவுசிங், 300 மூடி. ஹவுசிங்கை முதலில் முடித்தால் மூடி 120தான் செய்ய முடியும், கையில் 1,50,400. மூடியை முதலில் முடித்தால் ஹவுசிங் 100, கையில் 1,66,000. ஆனால் சம்பளம், வாடகையையும் பீஸ் மேல் ஏற்றும் அடக்கவிலைத் தாளோ ஹவுசிங்குக்கு 200 ரூபாய் லாபம், மூடிக்கு 60 என்கிறது. முதலாளி அந்தத் தாளைத்தான் நம்புகிறார்.

வில்லியனூர்க்காரர்:
அப்படியானால் ஹவுசிங்கை அடியோடு விட்டுவிட வேண்டியதுதானே சார்?

சேதராப்பட்டு கணக்காளர்:
கூடாது. மூடிக்கு ஆர்டர் 300தான். அதற்கு மேல் செய்தால் குடோனில்தான் கிடக்கும். விற்காத சரக்குக்கு வரவு கிடையாது.

கடலூர் சிப்காட்:
எங்களுக்கு ரியாக்டர்தான் இடைஞ்சல். பேட்ச் ஓடும் நேரத்தை மட்டும் வைத்துத்தான் முதலில் வரிசைப்படுத்தினோம். பொருள் மாறும்போது கழுவிக் காயவைக்கும் நேரத்தையும் சேர்த்ததும், மேலே இருந்த ஒரு பொருள் கீழே போய்விட்டது. உங்கள் பத்து நிமிடத்தில் செட்டிங் நேரம் அடக்கமா?

தட்டாஞ்சாவடி வாசகர்:
எங்கள் தையல் யூனிட்டில் ஆள் பற்றாக்குறைதான் பிரச்சினை. மெஷின் நிறைய இருக்கிறது. இந்தக் கணக்கு எங்களுக்குப் பொருந்தாது அல்லவா?

ஓய்வுபெற்ற காஸ்ட் ஆடிட்டர், புதுச்சேரி:
பொருந்தும் அம்மா. தைக்கத் தெரிந்தவரின் மணி நேரத்தால் வகுங்கள். ஆனால் பீஸ் ரேட் கூலி என்றால், அதையும் துணி விலையோடு சேர்த்துக் கழித்துவிடுங்கள்.

சேதராப்பட்டு நண்பருக்கு ஒரு கேள்வி: மூடியைப் பிளேட்டிங்குக்கு வெளியே அனுப்புகிறீர்களா? பீஸுக்கு 100 ரூபாய் கொடுத்தால் மிஞ்சுவது 220தான், மணிக்கு 1,320. வரிசை தலைகீழாகிவிடும்.

சேதராப்பட்டு கணக்காளர்:
பிளேட்டிங் உண்டு ஐயா, விட்டுப்போயிற்று. 40 ரூபாய்தான். மணிக்கு 1,680 வருகிறது; மூடிதான் முன்னால் நிற்கிறது. செட்டிங் நேரத்தை இந்த வாரம் கடிகாரம் வைத்துக் குறிக்கச் சொல்லியிருக்கிறேன்.

விடுபடும் 60 ஹவுசிங்கை வெளி விஎம்சியில் கொடுக்கலாமா என்றும் யோசிக்கிறோம். பீஸுக்கு 450 கேட்கிறார்கள். கொடுத்தாலும் 250 நிற்கும். துளை அளவு டாலரன்ஸுக்குள் வருமா என்பதுதான் தெரியவில்லை. அப்படிக் கொடுத்துப் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.