டேப்லெட்டில் பொத்தான் காணவில்லை, உதவுங்கள்

பாளை_விளையாட்டு: பல்லாங்குழி விளையாட்டு ஒன்றை உருவாக்கி வருகிறேன். என் போனில் சரியாக இருக்கிறது. அக்காவின் டேப்லெட்டில் வலப்பக்கப் பொத்தான் திரைக்கு வெளியே போய்விடுகிறது. நாளை மறுநாள் காட்ட வேண்டும்.

தென்காசி_நிரலர்: எந்த எஞ்சின், எந்தத் திரை அளவு, படுக்கைவாட்டமா நெடுவாட்டமா என்று ஒன்றையும் சொல்லவில்லையே, தம்பி.

பாளை_விளையாட்டு: மன்னிக்கவும். யூனிட்டி, படுக்கைவாட்டம். அடிப்படை அளவு 1920×1080, `Match` 1. போன் 2400×1080, டேப்லெட் 2048×1536.

அம்பை_வடிவமைப்பு: `Match` மதிப்பை 0.5 ஆக்குங்கள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

கோவில்பட்டி_கோடோ: என் விளையாட்டில் கேமரா வெட்டு மதிப்பெண்ணை மறைத்தது. அதுவும் இதே சிக்கல்தானா?

பழைய_உறுப்பினர்: இதே கேள்விக்குப் பலமுறை விடை சொல்லியாயிற்று. தேடிப் பார்க்கும் பழக்கம் முதலில் வர வேண்டும். பொத்தானின் `Anchor` எங்கே இருக்கிறது?

பாளை_விளையாட்டு: நடுவில். `Pos X` 850.

தென்காசி_நிரலர்: காரணம் அங்கேதான் இருக்கிறது. `Match` 1 என்றால் உயரம் 1080 அலகாக நிலைத்து, அகலம் திரைக்கேற்ப மாறும். உங்கள் போனில் அகலம் 2400 அலகு, அதில் பாதி 1200. ஆகையால் 850 உள்ளே அடங்குகிறது. டேப்லெட்டில் அகலம் 1440தான், பாதி 720. பொத்தான் வெளியே போகிறது. 0.5 வைத்தாலும் பாதி அகலம் ஏறத்தாழ 831 ஆகுமே தவிர 850ஐ எட்டாது, அம்பை அண்ணாச்சி. 0 வைத்தால் டேப்லெட் சரியாகும். ஆனால் போனில் உயரம் 864 ஆகச் சுருங்கி மேலும் கீழும் வெட்டுப்படும். உங்கள் போனிலும் பொத்தான் ஓரத்தை ஒட்டாமல் தள்ளித்தான் நிற்கும், பாருங்கள். கேம் காட்சியை 1920×1080இல் வைத்துக்கொண்டு `Anchor`ஐ வலது ஓரத்துக்கு மாற்றினால் `Pos X` தானாகவே -110 ஆகும்.

கேமரா வெட்டு வேறு சிக்கல். யூனிட்டியில் அதற்கு, பொத்தான்களை ஒரு பேனலுக்குள் வைத்து, அதைப் பாதுகாப்புப் பரப்புக்குள் சுருக்க வேண்டும். பின்னணிப் படம் அதற்கு வெளியே திரை முழுவதும் இருக்கட்டும். இதை `Start`இல் ஒருமுறை மட்டும் செய்தால், போனைத் தலைகீழாகத் திருப்பும்போது வெட்டு மறுபக்கம் போய்விடும். மடிப்புப் போனை விரித்தாலும் பரப்பு மாறும்.

```
void Update() {
  if (Screen.safeArea == last) return;
  last = Screen.safeArea;
  Apply();
}
```

அம்பை_வடிவமைப்பு: கணக்கை ஏற்கிறேன். ஆனால் விரித்த மடிப்புப் போனின் திரை ஏறக்குறையச் சதுரம்; வரிசைக்கு ஏழு குழியாக இரண்டு வரிசை உள்ள பலகை அதில் நடுவே மெலிந்து கிடக்கும். பலகையையே மேலும் கீழும் இழுத்துவிடலாமே.

பழைய_உறுப்பினர்: இழுத்தால் குழிகள் முட்டை வடிவமாகும், புளியங்கொட்டைகளும் நீண்டுவிடும். மேலும் கீழும் கிடைக்கும் இடத்தில் ஆளுக்கொரு முத்துக் கணக்கை வைப்பதே முறை.

அம்பை_வடிவமைப்பு: படத்தை இழுக்கச் சொல்லவில்லை, இரண்டு வரிசைக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டச் சொல்கிறேன். விரலுக்கும் வசதியாக இருக்கும்.

பழைய_உறுப்பினர்: வரிசைகள் விலகிப்போனால் அது ஒரே பலகையாகத் தெரியாது.

பாளை_விளையாட்டு: `Anchor` மாற்றியதும் டேப்லெட்டில் பொத்தான் முழுதாகத் தெரிகிறது. நன்றி, தென்காசி அண்ணாச்சி. மடிப்புப் போன் கைக்குக் கிடைக்கவில்லை.